நேரே போகாமல் சுற்றிப் போகும் புகையிரதங்கள்: வரைபடத்தைப் பார்த்துக் காரணம் அறிதல்

கொக்குவிலிலிருந்து ஒருவர்: வரைபடத்தில் யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும் அதிக தூரமில்லை. ஆனால் புகையிரதத்தில் போக மாகோ வரை இறங்க வேண்டும் என்கிறார்கள். ஏன் ஐயா?

விரலை யாழ்ப்பாணத்தில் வைத்துத் தண்டவாளக் கோட்டின் மேலேயே நகர்த்திப் பாருங்கள். கிளிநொச்சி, வவுனியா, மதவாச்சி, அநுராதபுரம் ஆகியவற்றைக் கடந்து மாகோவை அடையும்வரை திருகோணமலைக்குக் கொண்டுபோகும் கோடு ஒன்றும் பிரிவதில்லை. மாகோவில்தான் மட்டக்களப்புப் பாதை பிரிகிறது; அதில் அபரணையைத் தாண்டிக் கல்லோயாச் சந்திக்குப் போனால் அங்கே திருகோணமலைக் கிளை தொடங்குகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து மாகோவுக்குச் சுமார் 260 கிலோமீற்றரும், அங்கிருந்து திருகோணமலைக்குச் சுமார் 160 கிலோமீற்றரும் ஆகின்றன. வவுனியா ஊடாக வீதியால் போனால் மொத்தத் தூரம் ஏறக்குறைய 235 கிலோமீற்றர்தான். இரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள வெள்ளை இடத்தைப் பார்த்துத் தூரத்தை மதிப்பிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். கோடு எங்கே பிரிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சாவகச்சேரியிலிருந்து ஒரு மாணவி: அப்படியென்றால் மாகோவில் இறங்காமல் அப்படியே திரும்பிப் போகும் புகையிரதம் ஒன்றை விடலாமே?

கிளை பிரியும் திசையைக் கவனித்தால் சிக்கல் தெரியும். இலங்கையின் பாதைகள் பனையோலை நரம்புகளைப் போலக் கொழும்பிலிருந்து விரிந்து செல்கின்றன. கொழும்பிலிருந்து வரும் புகையிரதத்துக்கு மாகோவில் இரண்டு பாதைகளும் முன்னால் இருக்கும். யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ அது தடையின்றிப் போகலாம். யாழ்ப்பாணத்திலிருந்து போவது கொழும்பை நோக்கியபடி நிலையத்துக்குள் நுழைகிறது. மட்டக்களப்புப் பாதையோ வந்த பக்கமாகவே வடக்கே பிரிவதால், வண்டி திசையை மாற்றிக்கொண்டே புறப்பட முடியும். இயந்திரத்தைக் கழற்றிப் பக்கத்துத் தண்டவாளத்தால் கொண்டுபோய் மறுமுனையில் பூட்டி, தடுப்பைச் சோதித்த பிறகே அது நகரும். இரு முனைகளிலும் ஓட்டுநர் அறையுள்ள தொடர்வண்டியாயின் இந்த வேலை மிகவும் குறையும். ஆகவே இது நடக்க முடியாத காரியமல்ல. ஆனால் மாகோவிலும் ஒற்றைப் பாதைகளிலும் அந்த வண்டிக்கு நேரம் ஒதுக்க வேண்டும். அதற்குப் போதிய பயணிகள் இருக்கிறார்களா என்பதில் எனக்கு உறுதியான கருத்து இல்லை.

நல்லூரிலிருந்து ஒருவர்: பொடி மெனிக்கே புகையிரதம் கண்டிக்குப் போய்த் திரும்பிப் பதுளைக்குப் போவதும் இதே காரணத்தால்தான். பேராதனையிலிருந்து கம்பளைக்கு நேர்ப்பாதை இல்லை.

கண்டியில் திசை மாறுகிறது என்பது சரி. நேர்ப்பாதை இல்லை என்பது மட்டும் சரியல்ல. பேராதனைச் சந்தி முக்கோணமாக அமைந்திருக்கிறது; அதன் ஒரு பக்கம் கொழும்புப் பாதையைக் கம்பளைப் பாதையுடன் நேரே இணைக்கிறது. கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் உடரட்ட மெனிக்கே அந்தப் பக்கத்தால் கண்டியைத் தொடாமலே போய்விடுகிறது. பொடி மெனிக்கே கண்டி மக்களையும் ஏற்றிக்கொள்வதற்காக நகருக்குள் போய், வந்த பக்கமே திரும்பி, முக்கோணத்தின் வேறொரு பக்கத்தால் மலைக்கு ஏறுகிறது.

மாகோவில் பாதையின் அமைப்பே சுற்ற வைக்கிறது. பேராதனையிலோ நேர்வழி இருந்தும் பயணிகளுக்காகச் சுற்றுகிறார்கள். இந்த வேறுபாட்டை வரைபடத்தை மட்டும் பார்த்து அறிய முடியாது. நேர அட்டவணையை அருகில் வைத்து, ஒரே தொடக்கமும் ஒரே முடிவும் உள்ள இரண்டு வண்டிகளின் நிலையங்களை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் சுற்றினால் அது விரும்பிச் செய்தது; எல்லாமே சுற்றினால் பாதை அப்படித்தான் இருக்கிறது.

மானிப்பாயிலிருந்து ஓர் அம்மா: என் மகள் அட்டனில் படிப்பிக்கிறாள். நான் அங்கே போகக் கொழும்புக்குப் போய்த்தான் மாற வேண்டுமா? முழங்கால் வருத்தம் வேறு.

கொழும்பு வரை போகத் தேவையில்லை, அம்மா. நமது பாதையும் மலைநாட்டுப் பாதையும் பொல்கஹவெலையில் சேர்கின்றன. அங்கே இறங்கிப் பதுளைப் பக்கம் போகும் வண்டியில் ஏறலாம். நமது வண்டி பொல்கஹவெலையில் நிற்குமா, எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பவற்றைப் புறப்படுமுன் நிலையத்தில் கேளுங்கள். மேடை மாறப் படியேற வேண்டியிருக்கலாம் என்பதால் அதையும் விசாரியுங்கள். காத்திருப்பு நீண்டதாக இருந்தால், கொழும்புக் கோட்டையிலேயே ஏறி இருக்கையை உறுதிசெய்வது உங்களுக்கு வசதியாக இருக்கும்.

வவுனியாவிலிருந்து ஒருவர்: நிலையத்தில் ஒட்டியிருக்கும் படத்தில் கோடுகள் எல்லாம் நேராகவே இருக்கின்றன. கிளை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்தப் படம் நிலையங்களின் வரிசையை மட்டுமே காட்டும். வளைவையும் கோணத்தையும் அதில் நம்ப வேண்டாம். கைத்தொலைபேசியில் செய்மதிப் படத்தைத் திறந்து சந்தியைப் பெரிதாக்குங்கள். கிளை எந்த முனையில் பிரதான பாதையோடு கலக்கிறது என்பது அதில் தெரியும். பேராதனையைப் போன்ற மூன்றாவது பக்கம் இருந்தால் வளைந்த தண்டவாளமாகத் தோன்றும், இல்லையென்றால் திசை மாற்றியே ஆக வேண்டும். உங்களுக்கு அருகிலுள்ள மதவாச்சியிலிருந்தே தொடங்குங்கள்: 1914இல் இந்தியக் கப்பல் பயணத்தோடு இணைக்கப்பட்ட தலைமன்னார்ப் பாதையும் கொழும்பு வண்டிகளுக்கு வசதியாகவே அங்கே பிரிகிறது. வவுனியாவிலிருந்து மடுவுக்குப் போகிறவர் முதலில் தெற்கே மதவாச்சிக்கு இறங்கி வண்டி மாற வேண்டும்.