வெட்டிப்போட்ட விலை உண்மையில் இருந்த விலையா?

“சித்திரை வருசத்துக்கெண்டு கடையொண்டின்ட இணையத்தளத்தில ஒரு பிரிட்ஜ் 189,900 ரூபாயை வெட்டிப்போட்டு 129,900 எண்டு போட்டிருக்கினம். கடைக்கு ஓர்டர் பிடிக்கிற தம்பியும் வீட்டை வந்து ‘60,000 லாபம் அக்கா, நாளையோட முடியுது’ எண்டு சொல்லிப்போட்டுப் போறார். போன மாசம் உண்மையா என்ன விலைக்கு வித்தவை எண்டு பார்க்க வழி இருக்கோ?” — பரந்தனிலிருந்து ஒரு வாசகி

வழி இருக்கிறது, தங்கச்சி. நீங்கள் அனுப்பிய இணைப்பை வைத்து நானே பார்த்துவிட்டேன். அந்தப் பிரிட்ஜ் பெப்ரவரியிலும் மார்ச் தொடக்கத்திலும் 134,900 ரூபாய். ஆகவே உங்களுக்குக் குறைவது 60,000 அல்ல, 5,000.

பார்த்த விதத்தைச் சொல்கிறேன், அடுத்த முறை நீங்களே பார்க்கலாம். web.archive.org என்று ஒரு தளம் இருக்கிறது. உலகத்து இணையப் பக்கங்களை அவ்வப்போது படம் பிடித்ததுபோல் நகலெடுத்து, திகதியோடு சேமித்து வைக்கும். காசு இல்லை, கணக்குத் திறக்கவும் தேவையில்லை. பிரிட்ஜ் இருக்கும் பக்கத்தின் முகவரியைப் பிரதி எடுத்து அங்கே ஒட்டுங்கள். முகவரியில் கேள்விக்குறி இருந்தால் அதிலிருந்து பின்னால் உள்ளதை அழித்துவிடுங்கள். அது பெரும்பாலும் நீங்கள் எந்த விளம்பரத்தால் வந்தீர்கள் என்ற குறிப்புத்தான், அதோடு தேடினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. அழித்த பிறகு அதே பிரிட்ஜ் திறக்கவில்லையென்றால் மட்டும் முழு முகவரியையும் விட்டுவிடுங்கள். பிறகு ஒரு நாட்காட்டி வரும். வட்டமிட்ட நாட்கள் நகல் உள்ள நாட்கள்.

உங்கள் பிரிட்ஜுக்கு மூன்று வட்டம் இருந்தது. ஜனவரி 9இல் 134,900. பெப்ரவரி 22இலும் 134,900. மார்ச் 27இல் திடீரென்று 189,900. ஏப்ரல் 1இல் மலிவு விற்பனை தொடங்கியது. விற்பனைக்குக் கொஞ்சம் முன் ஏற்றி வைத்த விலையைத்தான் பிறகு வெட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு இடத்தில் வழுக்கும். நீங்கள் கேட்ட நாளுக்கு நகல் இல்லையென்றால் தளம் சொல்லாமலே கிட்டிய இன்னொரு நாளுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அதனால் மேலே முகவரியில் உள்ள நீண்ட இலக்கத்தைப் பாருங்கள். 20250327 என்று தொடங்கினால் 2025 மார்ச் 27. அந்த எட்டு இலக்கத்தைத்தான் நம்ப வேண்டும், நீங்கள் அமத்திய வட்டத்தை அல்ல.

பெப்ரவரி 22க்கும் மார்ச் 27க்கும் இடையில் நகல் இல்லை. “மார்ச் முழுக்க 189,900க்குத்தான் வித்தனாங்கள்” என்று கடைக்காரர் சொன்னால் மறுக்க ஏதாவது வேண்டுமே. அதற்கு அவர்களின் முகநூல் பக்கத்தைக் கீழே இழுத்துப் பார்த்தேன். மார்ச் 8ஆம் திகதிப் பதிவொன்றின் கீழே ஒருவர் இதே பிரிட்ஜின் விலை கேட்க, கடையே “134,900” என்று பதில் எழுதியிருக்கிறது. பதிவைப் பின்னர் மாற்றியிருந்தால் மூன்று புள்ளியை அமத்தி, திருத்திய வரலாற்றையும் பார்க்கலாம்.

ஆனால் இப்போது பாதிக்கடைகள் விலை கேட்டால் “இன்பொக்ஸ்” என்று மட்டும் எழுதுகின்றன. விலையைப் பகிரங்கமாக எழுதினால் அடுத்த மாதம் யாராவது எடுத்துக் காட்டிவிடுவார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். விலையை உள்பெட்டியில் மட்டும் சொல்லும் கடையின் தள்ளுபடியை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

பெரிய சந்தைத் தளங்களின் பக்கங்களில் இந்த நகல் அதிகம் உதவாது. அங்கே விலை தனியாகப் பின்னால் வந்து விழுவதால் நகலில் அந்த இடம் வெறுமையாக நிற்கும். அப்படியென்றால் பக்கத்து வீட்டுப் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். திகதியும் மாதிரி இலக்கமும் உள்ள பற்றுச்சீட்டை விட நல்ல விலை வரலாறு கிடையாது. மாதிரி இலக்கத்தைக் கடைசி எழுத்துவரை ஒப்பிடுங்கள், ஒரு எழுத்து மாறினால் அது வேறு பொருள்.

ஒரு விதிவிலக்கை நிதானமாகச் சொல்லியாக வேண்டும், இதில்தான் பலர் கடைக்காரரோடு வீணாகச் சண்டை பிடிக்கிறார்கள். பழைய விலை என்று 2021ஆம் ஆண்டு விலையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். 2022 மார்ச்சில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதமளவில் 360ஐத் தொட்டது. அதன் மேல் 2024 ஜனவரி 1இல் வற் வரி 18 வீதமாகியது. அப்போது பிரிட்ஜ் ஏறியது கடைக்காரரின் களவால் அல்ல. இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் பின்னால் போக வேண்டாம். அந்தக் காலத்துக்குள்ளும் டொலராலோ வரியாலோ ஏறியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், அதே கடையின் மற்றப் பிரிட்ஜுகளையும், அதே மாதிரி வேறு கடையில் என்ன விலை என்பதையும் பாருங்கள். வரி ஏறினால் எல்லாம் ஏறும். உங்கள் விசயத்தில் பக்கத்தில் நின்ற நான்கு பிரிட்ஜும் அசையாமல் நிற்க, விற்பனைக்குப் போட்ட இது மட்டும் 55,000 ஏறி நிற்கிறது.

இனி அந்தத் தம்பி. அவர் உங்களிடம் 12 மாதத் தவணைக்கு எவ்வளவு என்று சொல்லியிருப்பார். 15,825 ரூபாய் என்று சொன்னாரா பாருங்கள். பன்னிரண்டால் பெருக்கினால் சரியாக 189,900. வெட்டிப்போட்ட விலை பல இடங்களில் தவணைக்காரர் கட்டி முடிக்கும் மொத்தக் காசுதான். 129,900 கைக்காசுக்கு மட்டும். தவணைத் துண்டில் கையெழுத்து வைத்த பிறகு “அந்தக் கழிவு காசுக்கு மட்டும்தான் அக்கா” என்பார்கள். வன்னியில் சித்திரைக்கும் தைக்கும் மோட்டார் சைக்கிளில் ஒழுங்கைக்கு ஒழுங்கை வரும் இந்தக் கொமிசன் வேலை, தவணை பிடிப்பதற்கென்றே நடக்கிறது. நாளையோடு முடியுது என்ற சொல்லை நம்பி முற்பணம் கொடுக்காதீர்கள். அவர் எழுதித் தரும் துண்டில் காசுவிலை எவ்வளவு, தவணை மொத்தம் எவ்வளவு என்று இரண்டும் இருக்க வேண்டும். எழுத மாட்டேன் என்றால் கதவைச் சாத்துங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28இலிருந்து, கழிவு என்று போடுபவர் அதற்கு முந்திய 30 நாளில் விற்ற ஆகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கில் இந்தக் கடை 189,900 என்று வெட்டவே முடியாது, 134,900தான் போட வேண்டியிருக்கும். எங்கள் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் சட்டத்தில் ஏமாற்றி விற்கக் கூடாது என்று இருக்கிறதே தவிர, இப்படி ஒரு நாட்கணக்கு எழுதப்படவில்லை. ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். இத்தனை வருடமாக யாரும் சேர்க்காமல், பரந்தனில் இருக்கும் ஒரு பெண் இரவிரவாக இணையத்தில் துப்பறிய வேண்டியிருப்பது எனக்கு ஆத்திரம் தருகிறது.

5,000 ரூபாய் கழிவு உண்மையானது. கைக்காசு இருந்து, பிரிட்ஜ் தேவையென்றால் 129,900க்கு வாங்குவது நட்டமில்லை. வாங்குவதற்கு முன் இன்றைக்கே https://web.archive.org/save என்ற இடத்தில் அந்தப் பக்க முகவரியைக் கொடுத்து நகலெடுத்து வையுங்கள், முகநூல் பதிலையும் போனில் படம் பிடியுங்கள். பற்றுச்சீட்டில் மாதிரி இலக்கத்தை எழுதுவியுங்கள். பிறகு முறையிட வேண்டியிருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு எடுத்து விசாரிக்கலாம், ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஏப்ரல் 5இல் வாங்கினால் ஜூலை 5க்கு முன்.