கடை நடத்திய ஆண்டுகளை நிறுவனம் நம்பும்படி காட்டுவது எப்படி?

புதுச்சேரித் தொழிற்பேட்டைகளில் ஆள் தேர்வுப் பணியில் நீண்ட காலம் இருந்தவன் என்பதால், கடையிலிருந்து நிறுவன வேலைக்கு மாற விரும்புவோர் எனக்கு அடிக்கடி எழுதுகிறார்கள். அண்மையில் வந்த ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். முதல் கேள்விக்கான பதில் மற்றவற்றுக்கும் அடிப்படை என்பதால் அதைச் சற்று விரிவாக எழுதியிருக்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூரில் அப்பாவின் பெயிண்ட், ஹார்டுவேர் கடையை 2015 முதல் 9 ஆண்டுகள் நான்தான் பார்த்துக்கொண்டேன். இப்போது தம்பி பொறுப்பேற்றுவிட்டான். ஒரு பெயிண்ட் நிறுவனத்தின் விற்பனை அதிகாரி வேலைக்கு விண்ணப்பித்தபோது, அனுபவம் என்ற இடத்தில் ‘கொள்முதல், விற்பனை, கணக்கு அனைத்தையும் கவனித்தேன்’ என்று எழுதினேன். அழைப்பே வரவில்லை. எங்கே தவறு?

நீங்கள் எழுதிய வாக்கியம் பொய்யில்லை. ஆனால் மஞ்சக்குப்பத்திலிருந்து முதுநகர் வரை எந்தக் கடைக்காரர் எழுதினாலும் அதே வாக்கியம்தான் வரும். நீங்கள் கல்லாவில் மட்டும் உட்கார்ந்தவரா, கடையின் பணம் எங்கே முடங்குகிறது என்று பார்த்து முடிவெடுத்தவரா என்பது, விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு அதிலிருந்து தெரியாது.

விற்பனை அதிகாரியின் வேலை டீலர்களிடம் ஆர்டர் எடுப்பது, பணம் வசூலிப்பது, கொடுத்த சரக்கு நகர்கிறதா என்று பார்ப்பது ஆகியவைதான். அந்த மேசையின் மறுபக்கத்தில் 9 ஆண்டுகள் நின்றவர் நீங்கள். ஆகவே எல்லாவற்றையும் சொல்லாமல், சரக்கு இருப்பு, கடன் வசூல் என்ற இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கோடு சொல்லுங்கள். நான் கேட்டபின் நீங்கள் அனுப்பிய விவரங்களை வைத்தே போட்டுப் பார்க்கலாம்.

உங்கள் ஆண்டு விற்பனை சுமார் 96 லட்சம் ரூபாய்; அதற்கான கொள்முதல் விலை சுமார் 84 லட்சம், அதாவது மாதத்துக்கு 7 லட்சம். 2019 மார்ச் 31 அன்று கடையில் 21 லட்சத்துக்குச் சரக்கு இருந்தது என்றால், மூன்று மாத விற்பனைக்கான சரக்கு அலமாரியில் தூங்கியது என்று பொருள். 2024 மார்ச்சில் விற்பனை ஏறக்குறைய அதே அளவில் இருக்க, இருப்பு 14 லட்சமாக, அதாவது இரண்டு மாதச் சரக்காகக் குறைந்திருக்கிறது. கலர் கலக்கும் மெஷின் வந்தபின் ஆயத்த நிற டப்பாக்களை வாங்கிக் குவிப்பதை நிறுத்திவிட்டு, பேஸ் டப்பாக்களை மட்டும் வைத்துக்கொண்டு, கேட்கும் ஷேடைக் கேட்டபோது கலந்து கொடுத்ததுதான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். விடுபட்ட 7 லட்சத்துக்கு, நீங்கள் வங்கியில் கட்டிய 11 சதவீத ஓவர்டிராஃப்ட் வட்டியில் கணக்கிட்டால், ஆண்டுக்கு 77,000 ரூபாய் மிச்சம். இதைத்தான் நீங்கள் விண்ணப்பத்தில் எழுதியிருக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல கடைகளில் மார்ச் 31 இருப்பு என்பது, ஆடிட்டருக்குக் கொடுப்பதற்காகக் குத்துமதிப்பாகப் போட்ட தொகையாகவே இருக்கும். நேர்காணல் செய்பவருக்கும் அது தெரியும், “எப்படி எண்ணினீர்கள், எத்தனை நாள் ஆனது, கணக்குக்கும் அலமாரிக்கும் எவ்வளவு வித்தியாசம் வந்தது?” என்று கேட்பார். எண்ணிப் பார்த்த ஆண்டுகளின் தொகையை மட்டும் பயன்படுத்துங்கள். இருப்பு குறைந்ததைச் சொல்லும்போது விற்பனைத் தொகையையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் வியாபாரம் படுத்ததால் சரக்கு குறைந்தது என்றுதான் அவர் நினைப்பார்.

கடன் வசூலும் அப்படித்தான். பெயிண்டர்களிடமும் கான்ட்ராக்டர்களிடமும் நின்ற பாக்கியை 9 லட்சத்திலிருந்து ஐந்தரை லட்சத்துக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். 45 நாள் தாண்டிய பாக்கிக்காரருக்குப் புதுச் சரக்கு இல்லை என்று வைத்த விதியையும், அதனால் இரண்டு கான்ட்ராக்டர்கள் வேறு கடைக்குப் போனதையும் சேர்த்தே சொல்லுங்கள். வராக்கடனாகத் தள்ளிய தொகை எவ்வளவு என்று கேட்டால் மழுப்ப வேண்டாம். கடன் கொடுத்து ஏமாறாத கடைக்காரரை நான் பார்த்ததில்லை. நேர்காணல் செய்பவரும் பார்த்திருக்க மாட்டார்.

விண்ணப்பத்தில் இந்தப் பகுதி இப்படி அமையலாம்; ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே வரிசை போதும்:

“பெயிண்ட், ஹார்டுவேர் சில்லறைக் கடை, கடலூர் (குடும்பத் தொழில்; உரிமையாளர் தந்தை). கடை மேலாளர், ஜூன் 2015 – மே 2024. ஆண்டு விற்பனை சுமார் 96 லட்சம் ரூபாய், 3 ஊழியர்கள். விற்பனை குறையாமல் சரக்கு இருப்பை மூன்று மாத அளவிலிருந்து இரண்டு மாத அளவுக்குக் குறைத்தேன். 45 நாள் கடன் வரம்பு வைத்து, வாடிக்கையாளர் பாக்கியை 9 லட்சத்திலிருந்து 5.5 லட்சமாகக் குறைத்தேன்.”

96 லட்சத்தை ‘ஒரு கோடி’ என்று உருட்டிவிட ஆசை வரும். ஜிஎஸ்டி ரிட்டர்னில் 96 என்று இருக்கும்போது விண்ணப்பத்தில் ஒரு கோடி என்றிருந்தால், மற்ற எண்களின் மேலும் சந்தேகம் விழும்.

புதுச்சேரியில் எங்கள் ஸ்டேஷனரி கடை 1998-லிருந்து நடக்கிறது. 2013-லிருந்து நான் முழுநேரமும் கடையில்தான் இருக்கிறேன். ஆனால் ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு எல்லாம் அப்பா பெயரில். வேலை கிடைத்தால் பின்னணிச் சரிபார்ப்பில் என்ன செய்வார்கள்? அப்பாவே எனக்குச் சம்பளச் சீட்டு போட்டுக் கொடுக்கலாம் என்கிறார்.

சம்பளச் சீட்டு வேண்டாம். வாங்காத சம்பளத்துக்குப் போடும் சீட்டு போலி ஆவணம். சரிபார்ப்பவர் அந்தத் தொகை உங்கள் வங்கிக் கணக்கில் வந்ததா, வருமான வரிக் கணக்கில் காட்டப்பட்டதா என்று பார்ப்பார். பணியில் சேர்ந்த பிறகு இது வெளிப்பட்டாலும் வேலை போகும். வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் பொருந்தும் என்பதால், உங்களுக்கு பி.எஃப். எண் இல்லாததை யாரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சரிபார்க்கும் ஏஜென்சி முதலில் செய்வது எளிய வேலை. www.gst.gov.in தளத்தில் Search Taxpayer என்ற பகுதியில் உங்கள் கடையின் 15 இலக்க எண்ணை இடுவார்கள். புதுச்சேரி எண் 34 என்று தொடங்கும். கடலூர் கடையானால் 33. உரிமையாளர் பெயர், கடைப் பெயர், பதிவு நடப்பில் உள்ளதா, ரிட்டர்ன்கள் தாக்கலாகியுள்ளனவா என்பவையெல்லாம் யாரும் பார்க்கும்படி அங்கே இருக்கும். பதிவுத் தேதி என்ற இடத்தில் பெரும்பாலும் 01/07/2017 என்று வரும். அது ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்த நாள். வாட் வரியில் பதிவாகியிருந்த பழைய கடைகளுக்கெல்லாம் அந்தத் தேதிதான். இது தெரியாத இளம் சரிபார்ப்பாளர், ‘2013 என்கிறார், பதிவோ 2017’ என்று முரண்பாடு எழுதிவிடுவார். நான் வேலை செய்த ஓரிடத்தில் இந்தக் காரணத்துக்காகவே ஒருவருடைய பணி ஆணை மூன்று வாரம் நின்றது. கடைசியில் பழைய வாட் சான்றிதழின் நகல்தான் அதை விடுவித்தது. உங்கள் வீட்டிலும் அந்தச் சான்றிதழ் இருக்கும். தேடி எடுத்து முன்கூட்டியே இணைத்துவிடுங்கள்.

கடை இருந்தது என்பதை இவையெல்லாம் நிரூபிக்கும். நீங்கள் அதில் இருந்தீர்கள் என்பதற்குத் தனிச் சான்று வேண்டும். அப்பாவின் கடிதம் தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது. எந்த ஆண்டு முதல் கணக்குப் புத்தகங்களை நீங்கள் கொண்டுவருகிறீர்கள் என்று ஆடிட்டர் தம் லெட்டர்ஹெட்டில் எழுதித்தரும் கடிதம், உங்கள் பெயருக்கு வந்த விநியோகஸ்தர்களின் ஆர்டர் மின்னஞ்சல்கள், கடைக் கணக்கில் காசோலைக் கையெழுத்து அதிகாரம் இருந்தால் அதற்கான வங்கிக் கடிதம் ஆகியவை வலுவானவை. தொலைபேசியில் பேசக்கூடிய இருவரின் பெயரையும் கொடுங்கள். அவர்கள் உறவினராக இருக்கக் கூடாது. உங்கள் கடைக்கு வாராவாரம் வரும் விநியோகஸ்தரின் விற்பனைப் பிரதிநிதி இதற்கு மிகப் பொருத்தமானவர்.

தற்போதைய ஆண்டுச் சம்பளம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? கடையிலிருந்து வீட்டுச் செலவுக்கு மாதம் 60,000 வரை எடுத்தேன். (நெல்லிக்குப்பம் வாசகி)

அந்தக் கட்டத்தை நிரப்பும்முன் உங்கள் வருமான வரிக் கணக்கை எடுத்துப் பாருங்கள். சிறு வணிகர்கள் பலரும் 44ஏடி பிரிவில், விற்பனையில் 8 சதவீதத்தை, வங்கி வழி வந்த தொகைக்கு 6 சதவீதத்தை, லாபமாகக் காட்டுகிறார்கள். ஆண்டு விற்பனை 60 லட்சம் என்றால் 8 சதவீதக் கணக்கில் வருமானம் 4.8 லட்சம், நீங்கள் சொல்லும் 60,000 ஆண்டுக்கு 7.2 லட்சமாகிறது. இரண்டு எண்களும் ஒரே கோப்பில் வந்தால் விளக்கம் கேட்பார்கள், அந்த விளக்கம் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். எனவே கணக்கில் காட்டிய வருமானத்தையே எழுதி, ‘சுயதொழில், வரிக் கணக்கின்படி’ என்று குறிப்பிடுங்கள். எதிர்பார்க்கும் சம்பளத்தை அதோடு முடிச்சுப்போடாமல், அந்தப் பதவிக்கு இந்த வட்டாரத்தில் தரும் சம்பளத்தை விசாரித்துக் கேளுங்கள்.

பதவி என்ற இடத்தில் ‘மேனேஜிங் டைரக்டர்’ என்று போடலாமா?

கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனத்தில் அந்தப் பதவி உங்களுக்கு இருந்தால் மட்டும் போடலாம். பதிவு உங்கள் பெயரில் இருந்தால் ‘உரிமையாளர்’, அப்பா பெயரில் இருந்தால் ‘கடை மேலாளர்’.

ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் பில் புத்தகங்கள் எல்லாம் நனைந்து போயின. இப்போது கடையும் இல்லை. எதைக் காட்டுவது? (கடலூர்)

2024 நவம்பர் இறுதியில் உங்களைப் போல் இழந்தவர்கள் இந்தக் கரையில் பலர். ஆனால் காகிதம் போனாலும் பதிவு போகவில்லை. உங்கள் ஜிஎஸ்டி கணக்கில் நுழைய முடிந்தால் எல்லா ரிட்டர்ன்களையும் இப்போதே இறக்கிக்கொள்ளுங்கள். பழைய ரிட்டர்ன்கள் 7 ஆண்டுகளுக்கு மேல் தளத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வருமான வரித் தளத்தில் நீங்கள் தாக்கல் செய்த கணக்குகளின் ஒப்புகை கிடைக்கும். வங்கிக் கிளையில் எழுதிக் கேட்டால் பழைய கணக்கு விவரம் தருவார்கள், அதற்குக் கட்டணம் இருக்கலாம். உணவுப் பொருள் கடையாக இருந்தால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணும் உதவும்.

கடையை மூடியதை மறைக்க வேண்டாம். ஜிஎஸ்டி பதிவை முறைப்படி ரத்து செய்திருந்தால் ரத்தான தேதி தளத்தில் தெரியும். விண்ணப்பத்தில் எழுதும் கடைசி மாதம் அதோடு ஒத்திருக்க வேண்டும். முறைப்படி ரத்து செய்யாமல் ரிட்டர்ன் போடுவதை மட்டும் நிறுத்தியிருந்தால், விண்ணப்பிப்பதற்கு முன் ஆடிட்டரிடம் சென்று அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். தாமதக் கட்டணம் கட்ட வேண்டிவரும். “ரிட்டர்ன் ஏன் நின்றது?” என்ற கேள்விக்குப் புயலைக் காரணமாகச் சொல்வீர்கள் என்றால், வெள்ளம் வந்த நவம்பருக்கு முன்பே நின்ற மாதங்கள் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு சொல்லுங்கள்.