பெட்டியில் போனது ஒன்று, பில்லில் இருப்பது ஒன்று

"கோவையில் பேரிங் மொத்த வியாபாரம் செய்கிறேன். ஈரோட்டில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவருக்கு 6204 ZZ 200 எண்ணம், ஒன்று 90 ரூபாய் என்று பில் போட்டு அனுப்பினோம். நாற்பது நாள் கழித்து, 'இதில் 80 பெட்டி 2RS வந்திருக்கிறது, சரக்கு தப்பு, பணம் தர முடியாது' என்கிறார். அந்த 80-ல் 30-ஐயும், சரியாகப் போன ZZ-யில் 50-ஐயும் மோட்டாரில் போட்டுவிட்டதாக அவரே ஒப்புக்கொள்கிறார். நாங்கள் எண்ணிப் பார்த்தபோது 2RS கணக்கில் 300, ரேக்கில் 220. ZZ கணக்கில் ஒன்றுமில்லை, ரேக்கில் 80 கிடந்தது. ZZ இல்லை என்று அதற்குள் ஒரு ஆர்டரை வேறு திருப்பிவிட்டோம். கணக்கர் 2RS-ல் 80-ஐ 'ஷார்ட்டேஜ்' என்று எழுதித் தள்ளிவிட்டார். பேக்கிங் பையன் சம்பளத்தில் 8,000 ரூபாய் பிடித்துவிட்டேன். முழுப் பணமும் வருமா? வேறு சிக்கல் வருமா?" — வாசகர், கோவை

முழுப் பணமும் வராது, ஆனால் பெரும்பகுதி வரும். பட்டறைக்காரரைவிட உங்கள் கணக்கர் எழுதிய அந்த ஷார்ட்டேஜ்தான் எனக்குக் கவலை தருகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இரும்பு மூடி போட்ட ZZ-யும் ரப்பர் சீல் போட்ட 2RS-ம் அளவில் ஒன்றுதான்: உள்விட்டம் 20 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 47, அகலம் 14. "ரெண்டும் பொருந்தும்தானே" என்று கேட்கத் தோன்றும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பில்லில் எழுதியிருக்கும் எண்தான் சரக்கின் விவரணை. கேட்ட சரக்கோடு வேறு விவரணையுள்ள சரக்கைக் கலந்து அனுப்பினால், வாங்கியவர் சரியானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறுக்கலாம், அல்லது முழுவதையுமே மறுக்கலாம் என்கிறது 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 37(3). சரக்கு கைக்கு வந்த சில நாளிலேயே அவர் எல்லாவற்றையும் மறுத்திருந்தால் உங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

ஆனால் அவர் 50 ZZ-யை மோட்டாரில் போட்டுவிட்டார். வாங்கியவர் சரக்கைத் தன்னுடையதாகப் பயன்படுத்தினாலோ, நியாயமான காலத்துக்குள் மறுப்பைத் தெரிவிக்காமல் வைத்திருந்தாலோ, ஏற்றுக்கொண்டதாகவே பொருள் (பிரிவு 42). ஆகவே 120 ZZ-க்கும் அவர் பணம் தந்தாக வேண்டும். பயன்படுத்திய 30 2RS-க்கும் தர வேண்டும், ஏனென்றால் தவறுதலாகக் கைக்கு வந்த பொருளைத் திருப்பித் தரும் கடமை ஒப்பந்தச் சட்டம் பிரிவு 72-ல் இருக்கிறது. மோட்டாருக்குள் போனதைத் திருப்ப முடியாது என்றால் மதிப்பைத்தான் தர வேண்டும். மீதமுள்ள 50 2RS உங்களுடையது. ஆனால் அதை அனுப்பிவைக்கும் பொறுப்பு அவருடையது அல்ல. மறுப்பதாகச் சொன்னால் போதும் (சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 43), லாரி வாடகை உங்கள் தலையில். நாற்பது நாள் கழித்துத்தானே சொன்னார் என்று இந்த 50-க்கும் மல்லுக்கட்டலாம். பரிந்துரைக்க மாட்டேன். தப்பு உங்கள் பக்கம் தொடங்கியது, அவர் உங்கள் வாடிக்கையாளர்.

தொகையைப் பார்ப்போம். அனுப்பாத 80 ZZ-க்கு 7,200 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டி 1,296-ம் சேர்த்து 8,496-க்கு கிரெடிட் நோட் கொடுங்கள். பழைய பில் 21,240, இப்போது 12,744 ஆகும். பயன்படுத்திய 30 2RS-க்கு உங்கள் விலை 100 என்று வைத்துக்கொண்டால், புதிய பில் 3,540. ஆக அவர் தர வேண்டியது 16,284 ரூபாய். இதை ஒரு கடிதமாக, எண்ணிக்கையைத் தெளிவாகப் பிரித்து எழுதி அனுப்புங்கள். போனில் பேசியது போதாது. 30-ஐயும் 50-ஐயும் பயன்படுத்தியதாக அவர் சொன்னது இப்போதைக்குக் காற்றில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இனி ஷார்ட்டேஜ். 80 2RS காணவில்லை என்று எழுதித் தள்ளினால், ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 17(5)(h)-ன்படி அதற்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். தொலைந்ததும் திருடு போனதும் எழுதித் தள்ளியதும் அங்கே ஒரே வரிசை. கட்டாமல் விட்டால் அது ஒரு தவறு. கட்டினால், தொலையாத சரக்குக்கு வரியை இழக்கிறீர்கள். அதோடு, ரேக்கில் கணக்கில்லாத 80 ZZ கிடக்கிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரியின் கண்ணில் பாருங்கள்: 80 2RS பில் இல்லாமல் வெளியே போயிருக்கிறது, 80 ZZ பில் இல்லாமல் உள்ளே வந்திருக்கிறது. கணக்கில் வராத சரக்குக்கு வரி போட பிரிவு 35(6) அவருக்கு அதிகாரம் தருகிறது. "மாத்திப் பேக் பண்ணிட்டோம் சார்" என்பது உண்மைதான், ஆனால் உங்கள் புத்தகம் அதைச் சொல்லவில்லையே.

ஒரு வகையில் 80 குறைந்து, பக்கத்து வகையில் அதே 80 கூடினால், அது திருட்டாக இருப்பது அரிது. மாறிப் போயிருக்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும் வகைகளில் ஒன்றை மட்டும் எண்ணிவிட்டு ஷார்ட்டேஜ் எழுதவே கூடாது.

திருத்தும் முறை இது. ஷார்ட்டேஜ் பதிவை அழிக்காமல், எதிர்ப்பதிவு போட்டு, "ஈரோடு பில்லில் ZZ-க்குப் பதில் 80 2RS போனது" என்று காரணத்தைப் பில் எண்ணோடு எழுதுங்கள். 2RS கணக்கு மறுபடி 300. கிரெடிட் நோட் போட்டதும் ZZ கணக்கில் 80 ஏறும். ரேக்கிலும் 80 இருக்கிறது, சரி. 30-க்குப் புதிய பில் போட்டதும் 2RS 270. ஈரோட்டிலிருந்து 50 திரும்பி வந்ததும் ரேக்கில் 220-ம் 50-ம் 270. இரண்டும் நேராகிவிட்டது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 50 பெட்டி வாசலுக்கு வந்ததும் கணக்கர் பழக்க தோஷத்தில் 'விற்பனைத் திருப்பம்' என்று உள்ளே ஏற்றுவார். 320 ஆகிவிடும். அந்த 50 உங்கள் கணக்கைவிட்டு வெளியே போகவே இல்லை, ஆகவே உள்ளே வரவும் கூடாது. டெலிவரி சலானில் வரட்டும், சலானைக் கிரெடிட் நோட்டோடு கோத்து வையுங்கள், ஸ்டாக்கில் கை வைக்காதீர்கள். கிரெடிட் நோட்டுக்கும் கெடு உண்டு: வரியைக் குறைக்க வேண்டுமென்றால், பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் அதை ரிட்டர்னில் காட்ட வேண்டும்.

சம்பளப் பிடித்தத்தைத் திருப்பிக் கொடுங்கள். தொழிலாளியின் பொறுப்பில் குறிப்பாக ஒப்படைத்த சரக்கு, நேரடியாக அவருடைய அலட்சியத்தால் நஷ்டமானால் மட்டுமே பிடிக்கலாம்; அதையும் அவரிடம் விளக்கம் கேட்ட பிறகு, நஷ்டத்துக்கு மேல் போகாமல். 1936-ம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தில் இருந்த இந்த விதி, அதன் இடத்துக்கு வந்த 2019 ஊதியச் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது. நீங்கள் விளக்கம் கேட்கவில்லை. 8,000 ரூபாய் நஷ்டமும் இல்லை, 50 பெட்டி திரும்பி வருகிறது, 30-க்குப் பணம் வருகிறது.

அலட்சியம் அவனுடையதுதானா என்பதே கேள்வி. இதே மாதிரி வழக்கு ஒன்றில் ஒரு கிடங்குக்குப் போய்ப் பேக்கிங் மேஜை பக்கத்தில் நின்று பார்த்தேன். பையன் மேலே இருந்த ஒரு பெட்டியை ஸ்கேன் செய்தான், திரையில் 6204 ZZ என்று வந்தது, எண்ணிக்கை கட்டத்தில் 200 என்று தட்டினான். பச்சை விளக்கு. மீதி 199 பெட்டியை யாரும் படிக்கவில்லை. மென்பொருள் அனுமதித்ததைத்தான் அவன் செய்தான். உங்களிடமும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். சிலர் எடை போட்டுச் சரிபார்க்கிறோம் என்பார்கள். எடை, எண்ணிக்கைக் குறைவைக் காட்டிக்கொடுக்கும். 6204 ஒன்று நூறு கிராமுக்குச் சற்று மேல், ஒரு பெட்டி விடுபட்டாலும் தராசு சொல்லிவிடும். ZZ-க்கும் 2RS-க்கும் எடையில் பெரிய வித்தியாசம் கிடையாது, அதனால் வகை மாறினால் தராசு வாயைத் திறக்காது.

எனவே பின்னொட்டு மட்டும் மாறும் வகைகளுக்கு எண்ணிக்கை தட்டும் வசதியை நிறுத்தி, ஒவ்வொரு பெட்டியாக ஸ்கேன் செய்ய வையுங்கள். 200 பெட்டிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாகும், எல்லாச் சரக்குக்கும் இது வேண்டாம். எடுத்தவரே சரிபார்க்கக் கூடாது. சரிபார்ப்பவர் கையில் ஆர்டர் நகலைக் கொடுக்காதீர்கள்; அதில் ZZ 200 என்று பார்த்தவர் பெட்டியிலும் ZZ என்றே படிப்பார். பெட்டியில் இருப்பதை அவர் தானாக எழுதட்டும், நீங்கள் ஆர்டரோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போன பிறகுதான் பில். முதலில் பில்லைப் போட்டுவிட்டு அதற்கேற்பப் பேக் செய்வதால்தான், பெட்டியில் மாறிப்போனது கணக்கிலும் ஏறுகிறது.

அந்தச் சரிபார்ப்புத் தாள்தான் நாளைக்கு உங்கள் சாட்சி. தொழிலில் ஒழுங்காக எழுதிவரும் கணக்குப் பதிவு சாட்சியமாக ஏற்கப்படும், ஆனால் அது மட்டுமே ஒருவர் மேல் பொறுப்பைச் சுமத்தப் போதாது என்கிறது 2023 சாட்சியச் சட்டம், பிரிவு 28. பில் மட்டும் இருந்தால் அந்த நிலைமைதான். சரிபார்த்தவர் கையெழுத்து, மூடும் முன் லேபிள் தெரிய எடுத்த படம், லாரி ரசீது, இவை சேர்ந்தால் கதை வேறு. படமும் கேமரா பதிவும் மின்னணு ஆவணம் என்பதால் பிரிவு 63-ன்படி சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். பல கடைகளில் கேமரா பதிவு மாதத்துக்குள் அழிந்துவிடுகிறது, உங்களுக்குப் புகார் வந்ததோ நாற்பதாம் நாள். பேக்கிங் மேஜைப் பதிவை மட்டுமாவது தனியாகச் சேமியுங்கள்.

'ஏழு நாளுக்குள் புகார் சொல்ல வேண்டும்' என்று பில்லின் அடியில் அச்சடித்திருந்தால், அதை நம்பி இருக்காதீர்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு கைக்கு வரும் தாளில் உள்ள நிபந்தனைக்கு வலு குறைவு. அந்த வரியை விலைப்பட்டியலிலும் ஆர்டரை உறுதிசெய்யும் செய்தியிலும் போடுங்கள். ஈரோட்டுக்காரருக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் இந்த ஏழு நாளை இழுக்காதீர்கள், 16,284 ரூபாய்க் கணக்கோடு நிறுத்துங்கள்.