முகவரின் கோல் பதிவில் கட்டணக் கணக்கு பொருந்தவில்லை

"இங்கிலாந்தில் படிக்க, கிளிநொச்சி முகவரோடு கதைத்த 40 நிமிடப் பதிவைச் சுருக்குகிறேன். கூட்டும்போதெல்லாம் வேறு தொகை வருகிறது."

காசு யாருக்குப் போகிறது என்று பிரித்து எழுதுங்கள்: பல்கலைக்கழகம், விசா, முகவர். அனேகமாக முற்பணத்தை இரண்டு தரம் கூட்டியிருப்பீர்கள். அது படிப்புக் கட்டணத்தின் ஒரு பகுதிதான். உதாரணமாக, 14,000 பவுண்டில் 4,000 கட்டினால் மீதி 10,000. அதோடு வாழ்க்கைச் செலவையும் வங்கியில் காட்ட வேண்டும்.

பதிவில் "28 நாள்" வரும் இடத்தைத் திரும்பக் கேளுங்கள். அது விசா வரும் காலம் இல்லை. அந்தக் காசு குறையாமல் கணக்கில் கிடக்க வேண்டிய காலம். இடையில் ஒரு நாளாவது காசு குறைந்தால் 28 நாளையும் முதலிலிருந்து எண்ண வேண்டும். ஆகவே கால அட்டவணையைக் காசு போட்ட திகதியிலிருந்து தொடங்குங்கள்.

முகவர் வாயால் சொன்ன விசாக் கட்டணத்தை மட்டும் நம்பி எழுதாதீர்கள். அது மாறும், gov.uk தளத்தில் பாருங்கள்.