பொருள் வரவில்லை, பணமும் வரவில்லை: சார்ஜ்பேக் கேள்வி-பதில்

மார்ச் 3 அன்று கிரெடிட் கார்டில் 8,400 ரூபாய் கட்டி ஆன்லைனில் மிக்ஸி வாங்கினேன். மார்ச் 20க்குள் வரும் என்றார்கள், இன்றுவரை வரவில்லை. ஜூலை பிறந்துவிட்டது, சார்ஜ்பேக் கேட்க, அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெற உள்ள 120 நாள் கெடு முடிந்ததா?

இல்லை. விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொருள் வராத புகாருக்கு அந்த 120 நாளைப் பொதுவாக டெலிவரி தருவதாகச் சொன்ன தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள், பணம் கட்டிய நாளிலிருந்து அல்ல. உங்களுக்கு ஜூலை 18 வரை வருகிறது. ஆனால் அது உங்கள் வங்கி கடைக்காரரின் வங்கியிடம் வழக்கைப் பதிவு செய்வதற்கான கெடு, நீங்கள் படிவம் கொடுப்பதற்கானது இல்லை. வங்கிக்குள் படிவம் நகரவே நாள் ஆகும், அதனால் இன்றே கொடுத்துவிடுங்கள். மார்ச் 20 என்று தேதி போட்ட ஆர்டர் மெயிலையும் சேர்த்துக் கொடுங்கள், அது இல்லாவிட்டால் வங்கி மார்ச் 3லிருந்து எண்ணிவிடலாம்.

ஆர்டர் நம்பர் கொடுத்தேன், வங்கி ஏற்கவில்லை. வேறு எந்த நம்பர்?

ஆர்டர் நம்பர் கடைக்காரருடையது, வங்கிக்கு அதை வைத்து எதையும் தேட முடியாது. ஸ்டேட்மென்ட்டில் உள்ள தேதி, தொகை, அதில் அச்சாகியிருக்கும் வணிகர் பெயர் (கடையின் பெயருக்குப் பதில் பேமென்ட் கேட்வேயின் பெயர் இருக்கலாம், இருப்பதை அப்படியே எழுதுங்கள்), அப்புறம் பரிவர்த்தனையின் ரெஃபரன்ஸ் நம்பர், இவைதான் வேண்டும். 12 இலக்கத்தில் இருந்தால் ஆர்ஆர்என், 23 இலக்கத்தில் இருந்தால் ஏஆர்என். ஸ்டேட்மென்ட்டில் இல்லையென்றால் வங்கியிடமே கேட்கலாம்.

கடைக்காரர் "ரீஃபண்ட் அனுப்பிவிட்டோம்" என்று சொன்னால், அந்த ரீஃபண்டின் ஏஆர்என் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். தந்தால் வங்கி பணத்தைத் தேடிப் பார்க்கும். தராமல் இழுத்தால் அந்தக் கடிதப் போக்குவரத்தே உங்கள் பக்கம் பேசும்.

கஸ்டமர் கேருக்குப் பலமுறை போன் செய்தேன், கால் லாக் இருக்கிறது. போதுமா?

போதாது. நீங்கள் அழைத்தீர்கள் என்பதைத்தான் அது காட்டும், என்ன கேட்டீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைக் காட்டாது. இன்று ஒரு மெயில் போடுங்கள்: "ஆர்டர் எண் இது, தொகை 8,400 ரூபாய், மார்ச் 20 டெலிவரி தேதி, பொருள் வரவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள்." இரண்டு மூன்று நாள் கெடு கொடுத்தால் போதும். பதில் வராவிட்டாலும், மெயிலே பவுன்ஸ் ஆனாலும் அதுவும் ஆதாரம்தான். வாட்ஸ்அப் சாட் என்றால் ஸ்கிரீன்ஷாட்டில் தேதியும் எதிர்த்தரப்பு நம்பரும் தெரிய வேண்டும்.

"இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை" என்று டிக் அடித்தால் சீக்கிரம் பணம் கிடைக்கும் என்கிறார்களே?

தயவுசெய்து செய்யாதீர்கள். ஓடிபி போட்டது நீங்கள் என்று பதிவில் இருக்கும், கார்டும் பிளாக் ஆகும், புகாரும் தள்ளுபடியாகும். "பொருள் கிடைக்கவில்லை" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

தற்காலிகமாக வரவு வைத்த பணத்தை வங்கி திரும்ப எடுத்துக்கொண்டது. ஏன்?

கடைக்காரர் தரப்பு டெலிவரி ஆதாரம் ஏதோ கொடுத்திருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்கி முகவரி, பின்கோடு, கையெழுத்து பாருங்கள். வேறு ஊருக்குப் போயிருந்தால் உடனே எழுத்தில் மறுத்துவிடுங்கள். எழுதிக் கொடுத்த புகாருக்கு 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்.