மணலில் கால் சுட்டது

அன்புள்ள ஐயா,

என் மகன் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். தமிழ்த் தேர்வில் ஆற்றைப் பற்றி, பாடத்தில் இல்லாத ஒரு பாடலைக் கொடுத்துக் கேள்வி கேட்டிருந்தார்கள்.

துள்ளித் துள்ளி ஓடுவாள்
வெள்ளிக் கொலுசு குலுக்குவாள்
கல்லில் ஏறித் தாவுவாள்
நெல்லுக் கெல்லாம் ஊட்டுவாள்
ஆடு மாடு வந்திடும்
வீடு போக மறந்திடும்
கரையில் நின்று கூப்பிட்டேன்
மணலில் கால் சுட்டது

எதுகைச் சொற்களை எழுதச் சொன்னதற்கு ‘ஓடுவாள் – தாவுவாள்’ என்று எழுதினான். தப்பு போட்டுவிட்டார்கள். பாடலில் வெளிப்படும் உணர்வு என்ன என்பதற்கு ‘அழுகை’ என்று எழுதினான். அதற்கும் மதிப்பெண் இல்லை. விடை ‘மகிழ்ச்சி’யாம். வீட்டில் அதை மூன்று முறை எழுத வைத்தேன். மூன்றாவது முறை எழுதும்போது நிஜமாகவே அழுதுவிட்டான். இந்த மாதிரிக் கேள்விக்குப் பிள்ளைகளை எப்படித் தயார்ப்படுத்துவது? நல்ல பயிற்சிப் புத்தகம் இருக்கிறதா? ஆங்கில வழிக்கு மாற்றிவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

க., பரமக்குடி

*

அன்புள்ள க.,

ஆங்கில வழிக்கு மாற்றுவது உங்கள் வீட்டு விஷயம். அங்கேயும் ஆற்றுப் பாட்டு உண்டு, அதற்கும் யாராவது ‘மகிழ்ச்சி’ என்று விடை எழுதி வைத்திருப்பார்கள்.

எதுகைக் கேள்வியில் ஆசிரியர் செய்தது சரி. அடியின் முடிவில் ஒரே ஓசை வந்தால் அது இயைபு. ‘ஓடுவாள் – தாவுவாள்’ அந்த வகை. எதுகைக்கு அடிகளின் முதல் சொற்களைத்தான் பார்க்க வேண்டும். அவற்றில் இரண்டாம் எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். முதல் எழுத்தின் அளவும் பொருந்தவேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். துள்ளி–வெள்ளி, கல்லில்–நெல்லு, ஆடு–வீடு. பட்டும் பாட்டும் எதுகை ஆகாது. இது அரை மணி நேரத்தில் பிடிபடுகிற சங்கதி, இதற்குப் போய் ஆசிரியரோடு சண்டைக்கு நிற்காதீர்கள்.

ஆனால் மூன்று முறை எழுத வைத்தீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பையன் எழுதியது சரியான விடை. விடைத்தாளில் பறித்ததை வீட்டில் நீங்கள் இன்னொரு தடவை பறித்திருக்கிறீர்கள்.

எப்படிச் சரி என்று சொல்கிறேன். விடை தயாரித்தவர் எண்ணிக்கை பார்த்திருக்கிறார். எட்டு அடியில் ஆறு அடி குதூகலம், ஆகவே மகிழ்ச்சி. கவிதையில் பெரும்பான்மை செல்லாது. எங்கே திரும்புகிறது என்று பார்க்கவேண்டும். இந்தப் பாடல் ஏழாம் அடியில் திரும்புகிறது, அந்தத் திருப்பத்தைக் காதே காட்டிக்கொடுக்கிறது. வாய்விட்டுப் படியுங்கள். முதல் ஆறு அடியும் இரண்டிரண்டாக எதுகையில் கைகோத்து வருகின்றன. இயைபும் கூடவே வருகிறது. ‘கொலுசு குலுக்குவாள்’ என்று மோனையும் சேர்ந்து, சொல்லும்போதே கொலுசு கேட்கிறது. அடுத்து ‘கரையில்’ என்று தொடங்கியதும் காது இன்னொரு ‘ரை’யை எதிர்பார்க்கிறது. வருவது ‘மணலில்’. எதுகை இல்லை. ‘கூப்பிட்டேன் – சுட்டது’, இயைபும் இல்லை. கடைசி அடி மற்றவற்றைவிடக் குட்டையாக வேறு இருக்கிறது. எழுதத் தெரியாமல் விட்டிருப்பாரோ என்றால், ஆறு அடி அப்படிக் கட்டியவருக்கு இரண்டு அடியா கட்ட வராது?

வினைச்சொற்களையும் கவனியுங்கள். ஓடுவாள், குலுக்குவாள், தாவுவாள், ஊட்டுவாள் எல்லாம் வழக்கமாக நடப்பதைச் சொல்கின்றன. ஒருவரைப் பற்றி ‘அவள் இப்படித்தான் செய்வாள்’ என்று நினைத்துப் பார்க்கிற பேச்சு அது. அவள் எதிரே நிற்கும்போது நாம் அப்படிப் பேசுவதில்லை. ஏழாம் அடியில்தான் ‘கூப்பிட்டேன்’ என்று நடந்துபோன ஒன்று வருகிறது, அதில்தான் சொல்கிறவனும் முதல்முறையாக வருகிறான். கூப்பிட்டான், அவள் வந்ததாக ஒரு வார்த்தை இல்லை. அதுவரை கண்ணுக்கும் காதுக்கும் வந்த காட்சிகள் நின்று, உள்ளங்காலுக்கு ஒன்று வருகிறது. தண்ணீர் இருந்தால் அந்தக் கால் தண்ணீரில் அல்லவா இருக்கும்?

ஆறு எதனோடு ஒப்பிடப்படுகிறது என்றும் ஒரு கேள்வி இருந்திருக்கும், எப்போதும் இருக்கும். ‘கொலுசு அணிந்த பெண்’ என்று எழுதி எல்லோரும் வாங்கியிருப்பார்கள். அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை.

நீங்கள் பரமக்குடி என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். நான் அதே வைகையில் கொஞ்சம் மேலே, மானாமதுரையில் வளர்ந்தவன். ஆண்டிபட்டிப் பக்கம் வைகை அணை 1959-இல் திறந்தது, நான் பிறப்பதற்கு முன்னால். எனக்குத் தெரிந்த வைகை வருஷத்தில் பாதிக்கு மேல் மணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் கொஞ்சநாள் ஓடும். சித்திரையில் மதுரையில் அழகர் இறங்குவதற்கே அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது. கோடையில் அக்கரைக்குப் போகவேண்டும் என்றால் நேரே மணலில் நடப்போம். செருப்பில்லாத கால். கருவேல முள்ளுக்குப் பயந்து ஓடவும் முடியாது, சூட்டில் நிற்கவும் முடியாது. நடுவில் யாராவது ஊற்று தோண்டி வைத்திருப்பார்கள். முழங்கை ஆழத்துக்குக் குழி, சுற்றிலும் ஈரமணல், அடியில் கலங்கல். கலங்கலைச் சிரட்டையால் இறைத்துவிட்டுக் காத்திருந்தால் பக்கவாட்டிலிருந்து தெளிந்த நீர் மெதுவாகக் கசிந்து சேரும். அந்த ஈரமணலில் போய்க் காலை வைத்துக்கொண்டு நிற்போம், ஊற்றுக்காரப் பாட்டி திட்டுகிறவரை.

உங்கள் மகனும் இப்படி ஒரு ஆற்றங்கரையில் வளர்கிற பிள்ளை. ‘மணலில் கால் சுட்டது’ என்பதை வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஊர்க் குழந்தை ஒரு தகவலாகப் படித்துக் கடந்துவிடலாம். இவனுக்கு அது உடம்பில் இருக்கிறது. அதற்காக, அனுபவம் இருந்தால் எதையும் எழுதலாம் என்று நினைக்காதீர்கள். உணர்வுக் கேள்விக்கு ஒரே விடை கிடையாதுதான். ஏக்கம், ஏமாற்றம், தவிப்பு, எதை எழுதியிருந்தாலும் நான் மதிப்பெண் போடுவேன். கோபம் என்று எழுதினால் போடமாட்டேன், அதைத் தாங்க இந்தப் பாட்டில் ஓர் அடி இல்லை. உங்கள் மகனின் விடையில் குறை என்று சொல்லப்போனால் ஒன்றுதான்: எந்த அடியை வைத்துச் சொல்கிறான் என்பதை எழுதவில்லை. ‘அழுகை’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல், ‘கூப்பிட்டும் ஆறு வரவில்லை, மணல் சுடுகிறது, அதனால் அவனுக்கு அழுகை வருகிறது’ என்று எழுதியிருந்தால் திருத்துகிறவர் ஒரு கணம் நின்றிருப்பார். ‘ஏன், எந்த அடி?’ என்று ஒவ்வொரு விடைக்கும் அவனைக் கேட்டுப் பழக்குங்கள். பயிற்சிப் புத்தகம் வேண்டாம். அதன் கடைசிப் பக்கத்திலும் ‘மகிழ்ச்சி’தான் அச்சடித்திருக்கும்.

அப்புறம், அந்த வினாத்தாளை எறிந்துவிடாதீர்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அதை உங்கள் மகனிடம்தான் கேட்கவேண்டும். ஏழாம் அடியில் கரையில் நிற்கிறவன் எட்டாம் அடியில் மணலில் நிற்கிறான். கரையிலும் மணல் உண்டு, அதுதானா? இல்லை, கூப்பிட்டும் வராததால் ஆற்றுக்குள்ளேயே இறங்கிவிட்டானா? அவன் என்ன சொல்கிறான் என்று எழுதுங்கள். எந்த அடி என்று கேட்க மறக்காதீர்கள்.