மகள் வயதுக்கு வந்துவிட்டாள், மகனுக்கு இன்னும் ஒன்றுமே தெரியவில்லையே?

"எனக்கு இரட்டைப் பிள்ளைகள், ஒரு பெண், ஒரு பையன். இப்போது 13 வயது 2 மாதம். மகள் போன மாதம் வயதுக்கு வந்தாள். மகன் அவளைவிட நாலு விரல் குட்டை. குரல் உடையவில்லை, மீசையும் அரும்பவில்லை. அவனுக்கு ஏதாவது குறை இருக்குமோ, டாக்டர்?"

பெரும்பாலும் குறை எதுவும் இருக்காது. 14 வயது நிறையும்வரை காத்திருக்கலாம். ஆனால் நீங்கள் ஒப்பிடும் இரண்டு அடையாளங்களுமே கடைசிக் கட்டத்தில் வருபவை. குழப்பமே அங்கேதான்.

உங்கள் மகளின் பருவ வளர்ச்சி போன மாதம் தொடங்கவில்லை. மார்புக் காம்புக்கு அடியில் சின்னக் கட்டி போல ஒன்று தென்பட்டு, தொட்டால் வலிக்கிறது என்று அவள் சொல்லியிருப்பாளே, அதுதான் முதல் படி. ஒரு பக்கம் முன்னதாகவும் மறுபக்கம் சில மாதம் கழித்தும் வரலாம். பெண்களுக்கு இது 8 முதல் 13 வயதுக்குள் எப்போது வந்தாலும் இயல்புதான். அதிலிருந்து சுமார் இரண்டு, இரண்டரை வருடம் கழித்துத்தான் முதல் மாதவிடாய். அப்படியானால் உங்கள் மகளுக்குப் பத்தரை, பதினொரு வயதிலேயே எல்லாம் ஆரம்பித்திருக்க வேண்டும். பெண்கள் விறுவிறுவென்று உயர்வதும் மாதவிடாய்க்கு முந்தைய அந்தக் காலத்தில்தான். அதனால்தான் அவள் இப்போது அண்ணாந்து பார்க்க வைக்கிறாள். இனி அவள் வளர்வது பொதுவாக ஐந்தாறு சென்டிமீட்டர்தான்.

பையன்களின் முதல் படி யார் கண்ணுக்கும் படாதது. குரலோ மீசையோ அல்ல, விரைகள் பெரிதாவதுதான் தொடக்கம். 9 முதல் 14 வயதுக்குள் அது நடக்கும். இதை அளக்க எங்களிடம் ஒரு மணிமாலை இருக்கிறது. 1 மில்லியிலிருந்து 25 மில்லிவரை அளவு எழுதிய, முட்டை வடிவத்தில் 12 மணிகள். ஒரு கையால் விரையைத் தொட்டுக்கொண்டு, மறு கையால் மணிகளைத் தடவி எது ஒத்துப்போகிறது என்று பார்ப்போம். 3 மில்லி வரை குழந்தைப் பருவம். 4 மில்லியைத் தொட்டுவிட்டால் ஆட்டம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் ஒன்றிரண்டு வருடம் கழித்துத்தான் திடீர் உயரமும் குரல் உடைவதும். மீசை அதற்கும் பிறகு. அதனால் உங்கள் மகன் ஏற்கெனவே தொடங்கியிருந்து, வெளியே தெரியாமலும் இருக்கலாம்.

சரி, 14 முடிந்தும் விரைகள் சிறிதாகவே இருந்தால்? அப்போது தாமதம் என்று எடுத்துக்கொண்டு பார்ப்போம். நான் முதலில் கேட்பது அப்பாவிடம்தான்: "நீங்க எந்த வகுப்புல உயர்ந்தீங்க?" பள்ளி முடிக்கும்போதுதான் வளர்ந்தேன் என்று பல அப்பாக்கள் சொல்வார்கள். தாமதமாக வரும் பையன்களில் பெரும்பாலோர் இந்த வகைதான். இடது கையை எக்ஸ்ரே எடுத்தால் எலும்பின் வயது தெரியும். 14 வயதுப் பையனுக்கு எலும்பு வயது 12 என்று வந்தால், உடம்பு பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது, நின்றுவிடவில்லை. அவன் பிறகு பிடித்துவிடுவான்.

ஆனால் சில விஷயங்கள் இருந்தால் 14 வரை காத்திருக்க வேண்டாம். விரை பைக்குள் இறங்காமல் இருப்பது, பிறந்ததிலிருந்தே வாசனை தெரியாமல் இருப்பது, அடிக்கடி தலைவலியோடு பார்வை மங்குவது, வருடத்துக்கு 4 சென்டிமீட்டர்கூட உயராமல் இருப்பது. வாசனையைக் கேட்டால் பெற்றோருக்கு ஆச்சரியமாக இருக்கும். மூக்குக்கான நரம்பும் பருவத்தைத் தூண்டும் ஹார்மோன் செல்களும் கருவில் ஒரே பாதையில் வளர்பவை. ஒன்று பழுதானால் மற்றதும் பழுதாகலாம்.

பெண்களில் 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்காவிட்டாலும், 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டாலும் தாமதம். மறுபக்கம், பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்பும் பையனுக்கு 9 வயதுக்கு முன்பும் தொடங்கினால் அது முன்கூட்டியது. பையனுக்கு அப்படி நேர்ந்தால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள், பின்னால் ஒரு காரணம் இருக்கும் வாய்ப்பு பெண்களைவிட அதிகம். அந்தக் குழந்தை இன்று வகுப்பிலேயே உயரமாக இருக்கும், ஆனால் எலும்பு சீக்கிரம் மூடிக்கொள்வதால் கடைசியில் குட்டையாக நின்றுவிடலாம்.

அந்தரங்க ரோமமும் வியர்வை நாற்றமும் மட்டும் வந்தால் அதைத் தொடக்கமாகக் கணக்கிடாதீர்கள். அவை சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் வேலை, தனியாகவே நடக்கும். ஆனால் அவையும் மேலே சொன்ன 8, 9 வயதுக்கு முன்பே வந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இப்போதைக்கு, மகனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருப்பில்லாமல் சுவரோரம் நிற்க வைத்து உயரத்தைத் தேதியோடு குறித்து வையுங்கள். 14 வயது நிறைந்ததும் அந்தக் குறிப்போடு ஒரு குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். விரையைப் பார்க்கப்போகிறார் என்பதை முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடுங்கள். அறைக்குள் வந்த பிறகு தெரிந்தால் அந்த வயதுப் பையன் கூசிப்போய் மறுத்துவிடுவான்.